மூணு மணி வியர்வை: வார்டில் சுகர் இறங்கினால் என்ன செய்கிறோம், அடுத்த இன்சுலினை எப்படிப் பார்க்கிறோம்

இரவு 2:50. மே மாதம், சென்னைக் கத்திரி வெயில் ராத்திரியிலும் விடாத நாள். 14-ஆம் படுக்கையில் இருப்பவருக்கு 64 வயது. காலில் புண்ணுக்காகச் சேர்ந்து நான்கு நாளாகிறது. பக்கத்தில் பாயில் படுத்திருந்த மகள் எழுந்து வந்து சொல்கிறாள்: "சிஸ்டர், அப்பா என்னமோ ஒரு மாதிரி பேசுறாரு. வேர்த்துக் கொட்டுது. ஃபேன் ஸ்பீடு ஏத்தட்டுமா?"

இந்த இடத்தில்தான் பல வார்டுகளில் பத்து நிமிஷம் வீணாகிறது. எல்லாருக்கும் வேர்க்கிற ஊரில் வியர்வையை ஒரு அறிகுறியாகவே யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வெயில் வியர்வைக்கும் இந்த வியர்வைக்கும் கையில் வித்தியாசம் தெரியும். வெயிலில் வேர்த்தவரின் தோல் சூடாக இருக்கும், ஃபேன் பட்டால் காய்ந்துவிடும். சுகர் இறங்கியவரின் பிடரியும் தலையணையும் நனைந்திருக்கும், நெற்றி ஜில்லென்று இருக்கும், துடைத்தால் மறுபடி துளிர்க்கும். இவருக்குக் கை நடுக்கமோ படபடப்போ இல்லை. அதனால் சுகர் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இவர் தினமும் மெட்டோபுரோலால் மாத்திரை சாப்பிடுகிறார். பீட்டா பிளாக்கர் வகை மருந்து நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் மூடிவிடும். வியர்வையை மட்டும் மூடாது. பல வருஷ சர்க்கரையில் நரம்பு கெட்டவர்களுக்கும் இதே கதைதான். முன்னெச்சரிக்கை எதுவுமில்லாமல் நேராகக் குழப்பத்தில் போய் நிற்பார்கள்.

(இந்த நோயாளி ஒருவர் அல்ல. பொது மருத்துவ வார்டுகளில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே படுக்கையில் சேர்த்திருக்கிறோம். எண்கள் விளக்கத்துக்காக.)

"ஐயா, உங்க பேர் சொல்லுங்க. இது எந்த இடம்?" என்று கேட்டால் பெயர் சொல்கிறார், இடம் கேட்டால் வீட்டுத் தெருவைச் சொல்கிறார். கையைத் தள்ளிவிடுகிறார். மீட்டரில் 46.

70-க்குக் கீழ் எந்த எண் வந்தாலும் வைத்தியம் தொடங்க வேண்டும், அறிகுறி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 54-க்குக் கீழ் என்றால் மூளைக்கே பட்டினி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எண் என்னவாக இருந்தாலும், தானாகச் சமாளிக்க முடியாமல் அடுத்தவர் உதவி வேண்டிய நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால் அது மிகக் கடுமையான வகை. இவர் அந்த மூன்றாம் வகை. மீட்டர் உடனே கைக்கு வராவிட்டாலும், இன்சுலின் போட்டவர் குழம்பிப் பேசினால் சுகர் கொடுத்துவிட வேண்டியதுதான். தவறாகக் கொடுத்த 15 கிராம் குளுக்கோஸால் வரும் தீங்கைவிடக் கொடுக்காமல் விட்டதன் தீங்கு பல மடங்கு பெரியது.

விரலைப் பற்றி ஒரு வார்த்தை. மகள் பத்து மணிக்கு மாம்பழம் ஊட்டிவிட்டு அப்பாவின் கையைத் துடைத்திருப்பாள். அந்த விரலில் ஒட்டியிருக்கும் சாறு 46-ஐ 150 ஆகக் காட்டப் போதும். ஸ்பிரிட் பஞ்சு சர்க்கரைப் பிசுக்கை முழுதாக எடுக்காது. தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு, முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுக்க வேண்டும். டிரிப் ஓடும் கையில் குத்தக் கூடாது. ரத்தம் மிகவும் குறைந்திருக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கு மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ஆளைப் பார்த்தால் லோ, எண்ணைப் பார்த்தால் 82 என்றால், ஆளை நம்புங்கள்.

இனி முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாயாலா, நரம்பாலா? நிமிர்ந்து உட்கார முடிகிறதா, சொன்னதைக் கேட்டுச் செய்கிறாரா, ஒரு மடக்குத் தண்ணீரை இருமாமல் விழுங்குகிறாரா என்று பார்க்கிறோம். மூன்றும் ஆம் என்றால் வாயால். மூக்குக் குழாய் இருக்கிறவருக்குக் குழாய் வழியாக. இவரிடம் டம்ளரைக் கொடுத்தால் பிடிக்கவே முடியவில்லை. மகள் சர்க்கரையை விரலால் வாயில் தடவ வருகிறாள். தடுத்துவிட வேண்டும். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் வைத்தது எதுவும் மூச்சுக்குழலுக்குப் போகும்.

ஆகவே நரம்பு வழி. நம்மூர் வார்டுகளில் கையில் இருப்பது பெரும்பாலும் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். இங்கே ஒரு கணக்குத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது, அதனால் நின்று சொல்கிறோம். 25 மில்லி ஆம்பூல் ஒன்றில் இருப்பது 6.25 கிராம் குளுக்கோஸ்தான். ஒரு ஆம்பூலை ஏற்றிவிட்டு "ட்வென்டிஃபைவ் டி கொடுத்தாச்சு" என்று எழுதினால், தேவையில் பாதிகூடக் கொடுக்கவில்லை என்று பொருள். வேண்டியது 15 முதல் 20 கிராம். அதற்கு மூன்று ஆம்பூல், அதாவது 75 மில்லி. 100 மில்லி பாட்டிலாக இருந்தால் அதில் முக்கால் பாட்டில். பாட்டில் முழுவதும் 25 கிராம். 10 சதவீதம் இருந்தால் 150 முதல் 200 மில்லி, பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள். இது நரம்பை அவ்வளவாகச் சுடாது, இருந்தால் முதலில் இதையே எடுக்கலாம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸையோ டி.என்.எஸ்.ஸையோ மாட்டிவிட்டுக் காத்திருப்பது வைத்தியமே ஆகாது. 500 மில்லி முழுவதும் ஓடினால்தான் 25 கிராம் போகும், அதற்குள் விடிந்துவிடும்.

25 சதவீதம் அடர்த்தியானது. நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் புண்ணாகும், சில நேரம் சதையே அழுகும். அதனால் முதலில் 10 மில்லி சலைன் ஏற்றிப் பார்க்கிறோம். வீக்கம் இல்லை, வலி இல்லை, ஓட்டம் தடையில்லை என்று தெரிந்த பிறகுதான் டெக்ஸ்ட்ரோஸ். ஒரே தள்ளில் அல்லாமல் ஐந்து நிமிஷத்தில் மெதுவாக. முடிந்ததும் மறுபடி சலைன். நரம்பே கிடைக்கவில்லை என்றால், வார்டில் குளுக்ககான் வைத்திருந்தால் 1 மில்லிகிராம் தொடைத் தசையில் போட்டு, வாந்தி வரும் என்பதால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கல்லீரலில் சேமிப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். சாப்பிடாமல் மெலிந்தவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. குடிப்பழக்கம் உள்ளவர், நாள்கணக்கில் சாப்பிடாதவர் என்றால் தயமின் 100 மில்லிகிராமும் டாக்டரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஆனால் தயமின் வரட்டும் என்று டெக்ஸ்ட்ரோஸை நிறுத்தி வைக்கக் கூடாது.

விழுங்கக்கூடியவர் என்றால் என்ன கொடுத்திருப்போம்? குளுக்கோஸ் பவுடர் மூன்று தேக்கரண்டி, குவியலாக, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து. அது சுமார் 15 கிராம். பவுடர் இல்லையென்றால் வெறும் சர்க்கரை நாலு தேக்கரண்டி. இதில் நம் நோயாளிகளிடம் அதிகம் தவறுகிற இடம் ஒன்று: வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை உடனே வேலை செய்யாது. குடலில் சர்க்கரையைப் பிரிக்கிற நொதியையே அந்த மாத்திரை பிடித்து வைத்திருக்கிறது. அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான். மாத்திரை அட்டையில் இன்னொரு மருந்தோடு சேர்த்து வோக்லிபோஸ் இருப்பதும் உண்டு, பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டார் கொண்டுவந்து நீட்டுவது லட்டு, சாக்லேட், பால் காபி. நெய்யும் பாலும் உள்ளது வயிற்றில் தங்கி மெதுவாகத்தான் ஏறும், முதல் 15 நிமிஷத்துக்கு உதவாது. இளநீரில் இதற்குப் போதுமான சர்க்கரையே கிடையாது, பொட்டாசியம் மட்டும் நிறைய உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது ஆபத்து. "உடம்புக்கு நல்லதுதானே சிஸ்டர்" என்று கேட்கும் மகளுக்கு, இப்போது வேண்டாம், காரணம் காலையில் சொல்கிறேன் என்றாலே போதும்.

மூன்று மணிக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏறி முடிந்தது. 3:15-க்கு மறு சோதனை: 112. ஐயா கண் திறந்து மகள் பெயரைச் சொல்கிறார். இந்த 15 நிமிஷத்தை யாரும் ஞாபகத்தில் வைத்திருக்க முடியாது, இரண்டு அட்மிஷன் வந்துவிடும். கைப்பேசியில் அலாரம் வைத்துவிடுங்கள். 70-ஐ எட்டவில்லை என்றால் அதே அளவு மறுபடி, மறுபடி 15 நிமிஷம். இரண்டாம் முறையும் ஏறவில்லை என்றால் டியூட்டி டாக்டர் படுக்கையருகே வர வேண்டும், போனில் ஆலோசனை போதாது.

ஏறிவிட்டது. இப்போது சாப்பாடு: இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் பால். ஏற்றிய குளுக்கோஸ் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும், இன்சுலின் கரைந்திருக்காது. அதனால்தான் 112 என்ற எண்ணைப் பார்த்துக் கேஸை மூடக் கூடாது. 4:15-க்கு மறுபடி குத்தினால் 66. ஆள் தெளிவாகத்தான் இருக்கிறார், அறிகுறி எதுவுமில்லை. இந்த முறை குளுக்கோஸ் கரைசல் வாயால், 4:30-க்கு 94. பிறகு டாக்டரிடம் பேச வேண்டிய பேச்சு இது:

"சார், 14-ஆம் பெட். 64 வயசு, காலில் புண், வெயிட் 58 கிலோ. 2:50-க்கு சுகர் 46, குழப்பத்தில் இருந்தார். 25 சதவீதம் 75 மில்லி ஏத்தினோம், 3:15-க்கு 112, ரொட்டி பால் சாப்பிட்டார், ஆனா 4:15-க்கு திரும்ப 66. குளுக்கோஸ் கொடுத்து இப்போ 94. ராத்திரி 7:15-க்கு 30/70 பதினாறு யூனிட் போட்டிருக்கு. டின்னர் நாலு இட்லியில ஒன்றரைதான் சாப்பிட்டார். கிரியேட்டினின் சேரும்போது 1.4, நேத்து 2.3. காலையில 24 யூனிட் ஆர்டர் இருக்கு. அதைப் போடலாமா சார்?"

கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தப் போன். அதைக் கேட்காமல் "சுகர் லோ, சரி பண்ணிட்டோம்" என்று சொல்லி வைத்தால், ஏழு மணி ஷிப்ட் சிஸ்டர் சார்ட்டில் இருப்பதைப் போடுவார். அவர் மேல் தவறு சொல்ல முடியாது.

டாக்டர் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 50 மில்லி காலைச் சாப்பாடு வரை ஓடட்டும், மணிக்கொரு முறை சுகர் பார்க்கச் சொல்கிறார். டிரிப் இடக்கை, குத்துவது வலக்கை. 5:30-க்கு 121. ஏழு மணிக்கு 196.

இந்த 196-இல் தான் பொறி இருக்கிறது. ரவுண்ட்ஸில் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு, சுகர் ஏறிவிட்டது, 24 யூனிட்டோடு இன்னும் ரெண்டு சேர்த்துப் போடலாம் என்று தோன்றும். 196 என்பது ஓடிக்கொண்டிருக்கும் டெக்ஸ்ட்ரோஸும், லோவுக்கு எதிராக உடம்பு விட்ட ஹார்மோன்களும் சேர்ந்து காட்டுகிற எண். அதனால் சார்ட்டில் 46-ஐயும் 66-ஐயும் சிவப்பு மையில் எழுதி, பக்கத்திலேயே "டெக்ஸ்ட்ரோஸ் ஓடுகிறது" என்று எழுதிவிடுவது எங்கள் பழக்கம். ஹேண்டோவரில் வாயால் சொன்னது மட்டும் மூன்றாவது படுக்கைக்குள் மறந்துபோகும்.

எந்த ஊசி இதைச் செய்தது என்று பின்னோக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். இரவுப் 16 யூனிட்டில் 30 சதவீதம், சுமார் 5 யூனிட், ரெகுலர். அது இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் உச்சம் போய், ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். மீதி 11 யூனிட் என்.பி.எச். அதன் உச்சம் 4 முதல் 10 மணி நேரம். 7:15-இலிருந்து எண்ணினால் இரவு 11:15 முதல் விடிகாலை 5:15 வரை. 2:50 அதற்கு நட்ட நடுவில் விழுகிறது. இதே மாதிரி மதிய உணவுக்கு முன் லோ என்றால் காலை ரெகுலர், மாலையில் லோ என்றால் காலை என்.பி.எச்., வெறும் வயிற்றில் லோ என்றால் இரவு நீண்ட நேர இன்சுலின் என்று பொதுவாகப் பிடித்துவிடலாம்.

ஊசி ஒன்றுதான், காரணம் மூன்று. கிரியேட்டினின் 1.4-இலிருந்து 2.3. சிறுநீரகம் இன்சுலினை வெளியேற்றுவது குறைந்தால் அதே 16 யூனிட் உடம்பில் அதிக நேரம் நிற்கும். சாப்பாடு பாதி. இன்சுலின் போட்ட பிறகு வந்த தட்டை யாரும் பார்க்கவில்லை. ஹோட்டல் பொட்டலத்தில் இரண்டரை இட்லி சட்னியோடு லாக்கர் மேல் அப்படியே இருந்தது. மூன்றாவது, இரவு பத்து மணிக்கு 118. அந்த எண்ணைப் பார்த்து எல்லோரும் நிம்மதியானார்கள். சாப்பாடு பாதி, சிறுநீரகம் தளர்வு, என்.பி.எச். உச்சம் இனிமேல்தான் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 118 நிம்மதியான எண் அல்ல. அப்போதே ஒரு போன் போயிருக்க வேண்டும்.

இப்போது டோஸ். ஒரு நாளைக்கு 24-ம் 16-ம் சேர்த்து 40 யூனிட், 58 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 0.69. இந்தச் சிறுநீரகத்துக்கு இது அதிகம். பொதுவாக 70-க்குக் கீழ் ஒரு முறை போனாலே காரணமான டோஸை 20 சதவீதம் அளவு குறைப்பது வழக்கம். இது கடுமையான லோ, அதுவும் திரும்ப வந்தது, சிறுநீரகமும் இறங்குகிறது. அதனால் குறைப்பு இன்னும் பெரிதாக இருக்கும். காலை 24 யூனிட்டை நிறுத்திவிட்டு, கலவை இன்சுலினையே மாற்றிவிடுகிறார் டாக்டர். கலவையில் ஒரு பகுதியை மட்டும் குறைக்க வழியில்லை, சாப்பாடு நிச்சயமில்லாதவருக்கு அது பொருந்தவும் பொருந்தாது. இரவு கிளார்ஜின் 10 யூனிட், மூன்று வேளையும் லிஸ்ப்ரோ 4 யூனிட், அதுவும் தட்டில் பாதிக்கு மேல் சாப்பிட்டதைப் பார்த்த பிறகு, சாப்பிட்ட உடனே. மொத்தம் 22, கிலோவுக்கு 0.38. டோஸை முடிவு செய்வது டாக்டர் வேலை. ஆனால் எடை, கிரியேட்டினின், தட்டில் மிஞ்சியது என்ற மூன்றும் நர்ஸ் கையிலிருந்து போனால்தான் அந்த முடிவு சரியாக வரும்.

லோ வந்ததும் பயந்து இன்சுலினை முழுவதும் நிறுத்திவிடுவதும் நடக்கிறது. இவர் டைப் 2, ஒரு பகல் நீண்ட நேர இன்சுலின் இல்லாமல் சமாளிப்பார். டைப் 1 நோயாளி என்றால் நீண்ட நேர இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. குறைக்கலாம், நிறுத்தினால் கீட்டோ அசிடோசிஸ். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையால் வந்த லோ வேறு விதம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு 24 முதல் 48 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், திரும்பத் திரும்ப இறங்கும். ஒரு முறை ஏறியதும் வீட்டுக்கு அனுப்பக் கூடாத வகை அது.

புது ஆர்டரோடு ஒரு புது ஆபத்தும் வார்டுக்குள் வருகிறது. நேற்று வரை போட்ட 30/70 குப்பி மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜினும் லிஸ்ப்ரோவும் மில்லிக்கு 100 யூனிட், ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் அல்லது பேனா. டிரேயில் சிவப்பு மூடிதான் கிடக்கிறது என்று அதிலேயே கிளார்ஜினை 10 கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது 0.25 மில்லி. அதில் இருப்பது 10 யூனிட் அல்ல, 25. லோவைத் தடுக்க மாற்றிய மருந்தே மறுநாள் இரண்டரை மடங்காகப் போய்ச் சேரும். பேனாவின் காட்ரிட்ஜில் ஊசியைக் குத்தி சிரிஞ்சில் இழுப்பதும் இதே கணக்கில்தான் முடியும். அதனால் இந்தப் படுக்கையின் லாக்கரிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சுகளை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், குப்பி மேலுள்ள எண்ணையும் மூடியின் நிறத்தையும் இரண்டு பேர் சேர்ந்து பார்த்துத்தான் போட வேண்டும்.

அடுத்த இரண்டு இரவும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் சுகர். பத்து மணிக்கு 140-க்குக் கீழ் இருந்து சாப்பாடும் குறைவு என்றால் டாக்டருக்கு போன் என்று சார்ட்டிலேயே எழுதி டாக்டர் கையெழுத்து வாங்கிவிட்டோம். மகளிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அப்பா மிச்சம் வைக்கிற இட்லியை மூடி வைக்காதீங்கம்மா, எங்ககிட்ட காட்டுங்க." முதல் இரவு மூன்று மணிக்கு 134, மறு இரவு 127. தலையணை காய்ந்திருந்தது.